பராமரிப்பாளர் தன்னைப் பற்றி எழுதும் ஒரு பக்கம்

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 43 வயது. திருகோணமலை பாலையூற்றில் இருக்கிறேன். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த மாமியை 4 வருஷம் நான்தான் பார்த்தேன். அவர் மோசம் போன பிறகு பராமரிப்பாளர் பயிற்சிக்குப் போய் என்.வி.கியூ. 3ஆம் மட்டச் சான்றிதழ் எடுத்தேன். பிறகு உவர்மலையில் மறதி நோய் உள்ள ஒரு அம்மாவை 11 மாதம் பார்த்தேன். பின்னேரமானால் "வீட்டை போகோணும்" என்று கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாரியைச் சரிசெய்துவிட்டு ஒழுங்கை முனை வரைக்கும் கூட்டிப்போய்த் திரும்புவேன், அதோடு அடங்கிவிடுவார். அவரும் காலமாகிவிட்டார். அவருடைய மகள் கனடாவில். கடைசியாக நிலாவெளிப் பக்கம் ஒரு ஐயா. இரவு பகல் நான் ஒருத்தியே, வீட்டுச் சமையலும் நான்தான். 3 கிழமையில் சொல்லிவிட்டு விலகினேன்.

இப்போது ஒரு ஏஜென்சி, குடும்பங்களுக்குக் காட்ட என்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறது. அவர்கள் காட்டிய மாதிரிகளில் எல்லாரும் "பொறுமையானவர், அன்பானவர், நேர்மையானவர்". நானும் அப்படியே எழுதுவதா? மாமியைப் பார்த்ததைச் சேர்க்கலாமா? நிலாவெளி வீட்டை விட்டுவிடலாமா? விசாரிக்க யாருடைய பெயரைக் கொடுப்பது?

பதில்:

தங்கச்சி, அந்தப் பக்கத்தை யார் வாசிக்கப் போகிறார் என்று முதலில் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் லண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் ஒரு மகள், இல்லாவிட்டால் மருமகன். நேரில் வந்து உங்களைப் பார்க்க முடியாதவர்கள். தாயை ஆஸ்பத்திரியில் இருந்து துண்டு வெட்டி அனுப்ப இரண்டு நாள்தான் இருக்கும். அதற்குள் ஏழெட்டுப் பேரின் பக்கத்தைப் போனில் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். ஏழு பேரும் பொறுமையானவர்கள் என்றால் அந்தச் சொல்லால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நான் வார்டில் தாதியாக இருந்து, பிறகு வீட்டுப் பராமரிப்புக்கு ஆட்களைத் தேர்ந்து அனுப்பும் வேலை செய்கிறவள். ஒரு பக்கத்தை எடுத்தால் அதில் எதை நான் சரிபார்க்கலாம் என்றுதான் தேடுவேன். ஒரு போன் எடுத்தோ, ஒரு கேள்வி கேட்டோ, ஒரு நாள் பக்கத்தில் நின்றோ சரிபார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

பயிற்சியில் இருந்து தொடங்குவோம். "என்.வி.கியூ. 3" என்று மட்டும் எழுதினால் ஏஜென்சிக்கு விளங்கும், மகளுக்கு விளங்காது. எங்கே படித்தீர்கள், எந்த மாதத்தில் முடித்தீர்கள், அதில் எத்தனை மாதம் முதியோர் இல்லத்திலோ ஆஸ்பத்திரியிலோ நேரடியாக வேலை பழகினீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். சான்றிதழ் இலக்கத்தை ஏஜென்சியிடம் கொடுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அதைச் சரிபார்க்க முடியும், நல்ல ஏஜென்சி சரிபார்த்துவிட்டு அப்படியே குறிப்பிடும். (இதை வாசிக்கும் வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை: வகுப்புக்குப் போகாமல் வீட்டிலேயே வருஷக்கணக்கில் பார்த்துப் பழகியவர்களுக்கு, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதே என்.வி.கியூ. சான்றிதழை எடுக்கும் வழி இருக்கிறது.)

அடுத்ததாக, அந்தச் சான்றிதழ் உங்கள் கையில் என்ன வேலையாக இருக்கிறது என்று எழுத வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். "படுக்கையில் உள்ளவரைப் பராமரிக்கத் தெரியும்" என்று எழுதாதீர்கள். "தானே புரள முடியாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைப்பேன், ஒவ்வொரு முறையும் இடுப்பின் பின்பக்கம், குதிக்கால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களைப் பார்ப்பேன், சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் சிவப்பு மறையாவிட்டால் அந்தப் பக்கம் படுக்கவிடாமல் அன்றைக்கே வீட்டாருக்குச் சொல்வேன்" என்று எழுதுங்கள். படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்குகிறது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். இதை எழுதியவரிடம் நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டாலே அவர் உண்மையில் செய்தவரா என்று தெரிந்துவிடும். உங்களுக்குத் தெரியும், நீங்கள் 4 வருஷம் செய்திருக்கிறீர்கள்.

சாப்பாடு ஊட்டுவதும் அப்படித்தான். பாரிசவாதம் வந்தவருக்குச் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பதுதான் பிள்ளைகளின் பெரிய பயம், அது நியாயமான பயமும்கூட. நிமிர்த்தி இருத்தி, சிறு கரண்டியால், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய் கொடுத்து, முடிந்த பின் அரை மணித்தியாலம் நிமிர்ந்தபடியே வைத்திருப்பீர்கள் என்று எழுதுங்கள். இருமல் வந்தாலோ, குரல் தண்ணீர் தேங்கினது போல மாறினாலோ ஊட்டுவதை நிறுத்துவீர்கள் என்றும் சேருங்கள். இப்படி இரண்டு மூன்று வேலை போதும். தெரிந்ததை எல்லாம் அடுக்கினால் வாசிப்பவர் களைத்துப் போவார்.

மாமியைப் பார்த்ததைக் கட்டாயம் சேருங்கள். ஆனால் "குடும்பத்துக்குள், சம்பளமில்லாமல்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். "4 வருட அனுபவம்" என்று மட்டும் போட்டு, பிறகு அது மாமி என்று தெரியவந்தால், மற்ற வரிகளிலும் அவர்களுக்குச் சந்தேகம் விழும். சொந்த மனுஷியை 4 வருஷம் பார்த்தது குறைந்த அனுபவம் என்று நான் நினைக்கவில்லை. லீவும் மாற்று ஆளும் இல்லாத வேலை அது. மாமிக்குப் படுக்கைப் புண் வராமல் பார்த்தீர்களா? வந்து ஆறியதா? எது உண்மையோ அதையே எழுதுங்கள். "ஒருமுறை குதிக்காலில் புண் வந்தது, கிளினிக்கில் காட்டி மருந்து கட்டி ஆற்றினோம்" என்று எழுதுகிறவரை, "ஒரு குறையும் வந்ததில்லை" என்பவரைவிட நான் கூடுதலாக நம்புவேன்.

செய்ய மாட்டாத வேலைகளையும் எழுத வேண்டும். சிறுநீர்க் குழாய் போட்டவருக்கு, சிறுநீர் சேரும் பிளாஸ்ரிக் பையை வெறுமையாக்கி எத்தனை மில்லி லீற்றர் என்று குறிக்கலாம், அந்தப் பையை அடிவயிற்று மட்டத்துக்குக் கீழேயே தொங்கவிடலாம். அந்தக் குழாயைப் போடுவதும் மாற்றுவதும் தாதியின் வேலை. மூக்கால் போகும் உணவுக் குழாய் கழன்றால் திருப்பிச் செருகுவது உங்கள் வேலை இல்லை. இன்சுலின் விஷயத்தில் ஏஜென்சியின் விதி என்னவென்று கேட்டு, அதன்படி எழுதுங்கள். கொஞ்சமும் எழும்பி நிற்க முடியாதவரைத் தனியாகத் தூக்க மாட்டீர்கள், இரண்டாவது ஆள் வேண்டும் என்றும் எழுதுங்கள். இப்படி எழுதினால் வேலை கிடைக்காது என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். நான் கண்டது வேறு. எல்லாம் செய்வேன் என்று சொன்ன பிள்ளைதான் ஒருநாள் கழன்ற குழாயைத் தானே செருகப் பார்க்கும். எல்லையைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் நான் முதலில் அனுப்புவேன்.

இனிப் பொறுமை. உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். மறதி நோய் உள்ள பலருக்கு வெயில் இறங்கும் நேரத்தில் மனம் அலைமோதும். இருக்கிற வீடு அந்நியமாகத் தெரியும், சின்ன வயதில் இருந்த வீட்டைத் தேடுவார்கள். "இதுதானே அம்மா உங்கட வீடு" என்று திருத்தினால் அவர்கள் பொய்யரிடம் அகப்பட்டதுபோல் இன்னும் கலங்குவார்கள். கேற்றுக்குப் பூட்டுப் போட்டால் கேற்றை அடிப்பார்கள். நீங்கள் அவரோடு வாதாடாமல் கூடவே நடந்திருக்கிறீர்கள். மறதி நோய்க்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் சொல்லித் தருவதும் அதுதான். இந்த ஒரு நிகழ்ச்சியை நாலு வரியில் எழுதினால் பொறுமை என்ற சொல்லையே நீங்கள் எழுதத் தேவையில்லை. அந்தக் கலக்கம் தொடங்கும் முன்னமே வேறு ஏதும் செய்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். 5 மணிக்கே லைற்றைப் போட்டு நிழலைக் குறைப்பது, தேத்தண்ணி கொடுப்பது, ஒருக்கால் கழிவறைக்குக் கூட்டிப்போவது என்று பலரும் அனுபவத்தில் கண்டுபிடிப்பார்கள். செய்திருந்தால் சேருங்கள். செய்யாததைச் சேர்க்காதீர்கள். அந்த அம்மாவின் பெயர், ஒழுங்கையின் பெயர், மகள் இருக்கும் ஊர் ஒன்றும் வரக் கூடாது. திருகோணமலை சின்ன ஊர், "உவர்மலை, மறதி, மகள் கனடா" என்று மூன்றையும் சேர்த்து எழுதினாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். "நகரத்தில் ஒரு வீடு" என்றால் போதும்.

பொறுமையைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். குடும்பங்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி, "அம்மாவை அடிப்பாளா?" என்பது. நான் நேர்முகத்தில் கடைசியாக எப்போது கோபம் வந்தது என்று கேட்பேன். கோபமே வராது என்கிறவரை நான் தனியாக ஒரு வீட்டில் விடமாட்டேன். இரவில் நாலு தரம் எழுப்பப்பட்டு, ஐந்தாம் தரம் படுக்கையை நனைத்தவரை மாற்றும்போது யாருக்கும் எரிச்சல் வரும். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். ஆளை விழாத மாதிரிப் பாதுகாப்பாக இருத்திவிட்டோ படுக்கவைத்துவிட்டோ, 5 நிமிடம் அடுத்த அறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வருவீர்களா? வீட்டாருக்குச் சொல்வீர்களா? ஒரு வரி எழுதினால், கேட்கத் தயங்கிய மகளுக்குக் கேட்காமலே பதில் கிடைக்கும்.

நிலாவெளி வீட்டை விட்டுவிடாதீர்கள். முதல் காரணம், ஆட்கள் விசாரிக்கும்போது எப்படியும் தெரியவரும். இரண்டாவது, நீங்கள் விலகிய விதத்தில் தவறில்லை, அதை நேராகச் சொல்லலாம். வீட்டாரைக் குறை சொல்லும் தொனி மட்டும் வேண்டாம். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், வாசிக்கிற குடும்பம் "நாளைக்கு எங்களைப் பற்றியும் இப்படி எழுதுவாளோ" என்றுதான் நினைக்கும். எத்தனை கிழமை, என்ன வேலை, ஏன் தொடரவில்லை, எத்தனை நாள் முன்கூட்டிச் சொன்னீர்கள் என்பது போதும். அந்த அனுபவத்தில் இருந்து ஒரு நிபந்தனையும் வரும்: தங்கி வேலை செய்தால் இரவில் எத்தனை மணித்தியாலம் தொடர்ந்து தூங்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வீடு போக வேண்டும், வீட்டார் எல்லாருக்குமான சமையல் உங்கள் வேலையில் சேராது. இதை இப்போதே எழுதிவிட்டால் அடுத்த வீட்டில் அதே பிரச்சினை வராது.

விசாரிக்கும் ஆட்களைப் பொறுத்தவரை, இரண்டு பேர் நன்றாகப் பேசினால் போதும். ஒருவர் குடும்பம், அதாவது அந்த அம்மாவின் மகள். தாய் போய் எவ்வளவு காலம் என்று எனக்குத் தெரியாது, துக்கம் புதிதென்றால் முதல் வார்த்தை அதைப் பற்றியதாக இருக்கட்டும். பிறகு கேளுங்கள்: "அக்கா, ஒரு ஏஜென்சியில் சேரப் போகிறேன். அவர்கள் உங்களுக்குப் போன் எடுத்து என்னைப் பற்றிக் கேட்கலாமா? எந்த நேரம் வசதி?" டொரொண்டோ பக்கம் என்றால் நமது பின்னேரம் 7 மணி அங்கே கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. நேரத்தை ஏஜென்சிக்குச் சொல்லிவையுங்கள். நடுச்சாமத்தில் போன் போனால் நல்ல மனுஷரும் சுருக்கமாகத்தான் பேசுவார். மற்றவர், உங்கள் வேலையைத் தொழில்முறையாகப் பார்த்தவர்: பயிற்சி ஆசிரியர், பயிற்சிக் காலத்தில் உங்களைக் கவனித்த தாதி, அல்லது மாமியை வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர். மாமியின் பிள்ளைகள் என்ன சொன்னாலும் அது உறவுக்காரர் சொன்னதாகத்தான் எடுக்கப்படும். கிராம உத்தியோகத்தரின் நற்சான்றும் பொலிஸ் அறிக்கையும் வேண்டும்தான், ஆனால் அவை நீங்கள் யார், எங்கே இருக்கிறீர்கள், வழக்கு ஏதும் உண்டா என்பதைத்தான் சொல்லும். ஆளைத் தூக்கி இருத்தத் தெரியுமா என்பதைச் சொல்லாது.

நான் போன் எடுத்தால் என்ன கேட்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எந்த மாதத்தில் இருந்து எந்த மாதம் வரை? என்ன வருத்தம்? விழுந்தாரா, விழுந்தபோது இவர் என்ன செய்தார்? வீட்டில் ஏதாவது காணாமல் போனதா? கடைசியாக, திரும்பவும் இவரையே எடுப்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "ஓம்" எவ்வளவு வேகமாக வருகிறது என்று நான் காதைக் கொடுத்துக் கேட்பேன். "சம்பந்தப்பட்டவர்களுக்கு" என்று தொடங்கும், போன் இலக்கம் இல்லாத கடிதத்தை வைத்து எதையும் கேட்க முடியாது. அதே நேரம் அவர்களுடைய இலக்கத்தைப் பக்கத்தில் அச்சடிக்காதீர்கள். அந்தப் பக்கம் வட்ஸ்அப்பில் ஊர் சுற்றும். உங்கள் அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்றும் வேண்டாம். நோயாளியோடு எடுத்த படமும் கூடாது, நல்ல வெளிச்சத்தில் எடுத்த உங்கள் முகப்படம் போதும்.

உங்கள் கடிதத்தில் இருந்ததை வைத்து ஒரு வரைவு எழுதியிருக்கிறேன். கோடு இழுத்த இடங்களை நிரப்புங்கள். உங்களுக்குப் பொருந்தாததை வெட்டிவிடுங்கள், நான் ஊகித்தது எதுவும் உங்கள் பெயரில் நிற்கக் கூடாது.

"வயது 43. திருகோணமலை நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். தமிழ் பேசுவேன், சிங்களம் ____.

பராமரிப்பாளர், என்.வி.கியூ. 3ஆம் மட்டம், ____ நிலையம், ____ ஆம் ஆண்டு. சான்றிதழ் ஏஜென்சியிடம் உள்ளது.

பாரிசவாதத்தால் படுக்கையில் இருந்த என் மாமியாரைக் குடும்பத்துக்குள் 4 வருடம் பார்த்தேன். 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுதல், தோலைப் பார்த்தல், நிமிர்த்தி இருத்தி ஊட்டுதல், படுக்கையிலேயே குளிப்பாட்டுதல் எல்லாம் தினமும் செய்தேன். தோல் நிலைமை: ____.

பிறகு நகரத்தில் ஒரு வீட்டில், மறதி நோய் உள்ள ஒரு அம்மாவை 11 மாதம், அவர் காலமாகும் வரை பார்த்தேன். பின்னேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கேற்றடியில் நிற்பார். நான் மறுக்காமல் சாரியைச் சரிசெய்து, ஒழுங்கை முனை வரை கூட்டிப்போய்த் திரும்புவேன். அதன் பிறகு அமைதியாக இருப்பார். களைப்போ கோபமோ வந்தால் நான் செய்வது: ____.

கடைசியாக ஒரு ஐயாவை 3 கிழமை பார்த்தேன். இரவும் பகலும் தனி ஆளாகப் பார்த்து, சமையலும் செய்ய வேண்டியிருந்ததால் தொடர முடியவில்லை. ____ நாள் முன்கூட்டிச் சொல்லி விலகினேன்.

குழாய் போடுதல், ஆழமான காயத்துக்கு மருந்து கட்டுதல் செய்ய மாட்டேன். நிற்க முடியாதவரைத் தூக்க இரண்டாவது ஆள் வேண்டும். அவசரம் என்றால் முதலில் 1990 அம்புலன்சுக்கு அழைத்து, பிறகு வீட்டாருக்குச் சொல்வேன். நோயாளிக்கு மட்டும் சமைப்பேன். மரக்கறி வீடும் சரி, மீன் இறைச்சி வீடும் சரி. இரவில் ____ மணித்தியாலம் தூக்கம், மாதம் ____ நாள் லீவு வேண்டும்.

விசாரிக்க: முன்பு வேலை செய்த வீட்டின் மகள், என்னைப் பழக்கிய ____. இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். தொடர்பு ஏஜென்சி மூலம்."

சாப்பாட்டு வரியை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன். இங்கே ஒரு கிழமை நகரத்தில் சைவ வீடும் அடுத்த கிழமை கிண்ணியாவிலோ மூதூரிலோ முஸ்லிம் வீடும் வரும். குடும்பங்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள், ஏஜென்சியும் மறந்துவிடும். பிறகு இரண்டாம் நாள் அடுப்படியில் சங்கடம். உங்களால் எந்த வீட்டில் சங்கடமில்லாமல் இருக்க முடியும் என்பதை நீங்களே முடிவுசெய்து எழுதுங்கள்.

எழுதி முடித்ததும் பயிற்சி ஆசிரியரிடம் ஒருமுறை காட்டுங்கள். அவர் "இதை நீ செய்து நான் பார்க்கவில்லையே" என்று எந்த வரியையாவது காட்டினால், அந்த வரியை எடுத்துவிட்டு ஏஜென்சிக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: நீங்கள் சுகமில்லாமல் போனால் மாற்று ஆள் அனுப்புவார்களா, முதல் கிழமையில் யாராவது வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா என்று. அவர்களின் பதிலையும் பக்கத்தின் அடியில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மகள் அடுத்துக் கேட்கப் போவது அதைத்தான்.